திங்கள் முந்தியா, செவ்வாய் முந்தியா

பெரியவளே, சின்னவனே, இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சின்னவனே, உனக்கு இது தெரிய வேண்டாம் என்று அன்றைக்கு நாங்கள் மறைத்தோம். இப்போது நீ வளர்ந்துவிட்டாய், தெரியட்டும்.

பெரியவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிக்கூடம். கோ-கோ அணியில் அவளை விட்டால் ஓட ஆளில்லை. சனிக்கிழமை மாவட்டப் போட்டி. வியாழக்கிழமை காலை ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அணியில் இருக்கும் இன்னொரு பிள்ளையை இவள் வாட்ஸ்ஆப் குழுவில் மிரட்டி எழுதிவிட்டாளாம். சாயங்காலம் நாலு மணிக்குப் பெயர்ப் பட்டியல் போகிறது, அதில் இவள் பெயர் இருக்காது என்றார்.

நான் ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்க் குழாய் மாட்டிக்கொண்டிருந்தேன். குழாயை அப்படியே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வராண்டாவில் பெரியவள் அழாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எழுதுனியா?"

"எழுதுனேன். அவ மொதல்ல தம்பிய கேலி பண்ணுனா. அவன் திக்கித் திக்கிப் பேசுறத அப்படியே எழுத்துல எழுதிச் சிரிச்சா. மறுநாதான் நான் எழுதுனேன். அவ தன்னோடத அழிச்சுட்டா, என்னோடது மட்டும் கெடக்கு."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா தம்பிக்குத் தெரிஞ்சுரும்ல."

ஆனால் அவள் கெட்டிக்காரி. அந்தப் பிள்ளை அழிப்பதற்கு முன்பே திங்கட்கிழமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள், வீட்டுப் போனில். மறுநாள் தான் எழுதியதையும் அதேபோல எடுத்து வைத்திருந்தாள். அந்தப் போனில் இருந்ததை எல்லாம் முந்தின நாள் புதன்கிழமைதான் மெமரி கார்டில் ஏற்றி, என் புதுப் போனுக்கு மாற்றியிருந்தேன். எல்லாம் என் சட்டைப் பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

"சிஸ்டர், நீங்களே பாருங்க. கேலரில கீழ இருக்கது பழசு, மேல வர்றது புதுசு. கீழருந்து காட்டுறேன்."

முதலில் வந்தது பெரியவள் எழுதியது. 'கிரவுண்டுக்கு வா, உன் பல்லப் பேத்துருவேன்.' பக்கத்தில் மணி மாலை 6.15. விரலால் தள்ளினேன். அடுத்ததுதான் அந்தப் பிள்ளை தம்பியைக் கேலி செய்தது. மணி இரவு 8.40. இரண்டிலும் மணி இருந்தது, தேதி இல்லை. கேலரியிலோ இரண்டுக்கும் மேலே 'நேற்று' என்று ஒரே தலைப்பு.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறேகால் மணிக்கு உங்க மக மிரட்டியிருக்கா. எட்டு நாப்பதுக்கு அந்தப் பிள்ளை பதிலுக்குக் கேலி பண்ணியிருக்கு. நீங்க கொண்டாந்த ஆதாரமே இதத்தான சொல்லுது?"

நான் திரும்பிப் பெரியவளைப் பார்த்தேன். ஒரு நொடிதான் பார்த்திருப்பேன்.

"பொய்யில்லப்பா. திங்கக்கெழம அவ. செவ்வாக்கெழம நான்."

செத்த நேரம் தாருங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு வராண்டாவுக்கு வந்து உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்க்கத் தெரியும். அதையேதான் செய்தேன். கேலரியை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். சிறுமலைக்குப் போய்க் கேமராவில் எடுத்த படங்கள், போன மாதத் தேதியில் ஒழுங்காக இருந்தன. சின்னவனின் பிறந்தநாள் படங்களும் அதனதன் தேதியில் இருந்தன. ஸ்கிரீன்ஷாட் மட்டும் ஒன்று விடாமல் 'நேற்று' என்பதற்குள் குவிந்து கிடந்தது. ஆறு மாதத்துக்கு முன் உங்கள் அம்மா எடுத்து வைத்த கேஸ் புக்கிங்கூட 'நேற்று'தான்.

அப்போதுதான் புரிந்தது. கேமராப் படத்துக்குள்ளேயே எடுத்த தேதி பதிந்திருக்கிறது, அது எங்கே போனாலும் கூடவே வருகிறது. இந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குள் அப்படி எதுவும் பதியவில்லை. கார்டிலிருந்து இந்தப் போனில் வந்து விழுந்த நேரத்தைத்தான் கேலரி அதன் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்னதாக வந்து விழுந்தது கீழே, பின்னால் விழுந்தது மேலே. எப்போது எடுத்தது என்பதே கணக்கில் இல்லை.

விவரம் என்பதை அழுத்தினேன். ஃபைல் பெயரில் நீளமாக எண்கள். வருடம், மாதம், நாள், அப்புறம் மணி. கேலிக்கு நாள் 14. மிரட்டலுக்கு 15.

உள்ளே ஓடினேன். சிஸ்டர் பொறுமையாகப் பார்த்தார். "பேரை யாரு வேணும்னாலும் மாத்தி எழுதலாமே. நாளைக்கு அந்தப் பிள்ளையோட அப்பா வந்து கேட்டா நான் என்ன சொல்ல?"

நியாயமான கேள்விதான். "பழைய போன் வீட்டுல இருக்கு சிஸ்டர். எடுத்த போன் அதுதான். அதுல எடுத்த தேதியிலயே இருக்கும். நாலு மணிக்குள்ள கொண்டு வாரேன்."

"எங்க இருந்து?"

"எரியோட்டுல இருந்து. இருபது கிலோமீட்டர்தான்."

"வண்டிய மெதுவா ஓட்டுங்க" என்றார். பட்டியலை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

வீட்டில் உங்கள் அம்மா பழைய போனைத் தேடி எடுத்துத் தந்தாள். அதில் உயிரே இல்லை. சார்ஜ் பின் தேய்ந்துபோனதால்தானே புதுசே வாங்கினோம்.

"இதக் கொண்டுபோயி என்ன செய்யப் போறீக? அந்தப் பின்ன ஒரு பக்கமா அமுக்கிப் பிடிச்சாத்தான் ஏறும், மறந்துட்டீகளா?"

"அமுக்கிப் பிடிக்கிறேன்."

"எம்புட்டு நேரத்துக்கு?"

"அவ பேரு பட்டியல்ல ஏறுற வரைக்கும்."

"நல்ல பிளம்பர் போங்க. அங்க ஒரு வீட்டுல தண்ணி இல்லாம உக்காந்திருப்பாக" என்று சொல்லிக்கொண்டே சார்ஜரைப் பையில் போட்டுத் தந்தாள்.

மூன்று மணிக்குச் சிஸ்டரின் அறையில், அவர் மேசைக்குக் கீழே இருந்த பிளக்கில் சொருகி, தரையில் குத்தவைத்துப் பின்னை அமுக்கிப் பிடித்தேன். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் போன் செத்துவிடும். இரண்டு தடவை செத்தது. "சேர்ல உக்காந்து பிடிங்களேன்" என்றார் சிஸ்டர். "வயரு எட்டாது சிஸ்டர்" என்றேன். பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மூன்றாவது தடவை போன் அணையாமல் நின்றது. அவளே கேலரியைத் திறந்து சிஸ்டர் பக்கம் நீட்டினாள். திங்கள் என்ற தலைப்பின் கீழ்க் கேலி. செவ்வாய் என்ற தலைப்பின் கீழ் மிரட்டல்.

சிஸ்டர் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திக்கல் எழுத்துகளை மறுபடி படித்தபோது அவர் முகம் மாறியது. அந்தப் பிள்ளையை வரச்சொன்னார். வந்து நின்றதுமே அது ஒத்துக்கொண்டது. 'சும்மா விளையாட்டுக்கு' என்றது.

"எவ்வளவு கோவம் வந்தாலும் பல்லப் பேத்துருவேன்னு எழுதுனது தப்புதான்" என்று சிஸ்டர் பெரியவளிடமும் சொன்னார். "ரெண்டு பேரும் மன்னிப்புக் கேளுங்க."

"அவ மொதல்ல கேக்கட்டும் சிஸ்டர்."

"அம்மா தாயே, எது மொதல்ல எது ரெண்டாவதுன்னு காலையில இருந்து பாத்தாச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாவே கேளுங்க."

கேட்டார்கள், சுவரைப் பார்த்துக்கொண்டு. பட்டியலில் இரண்டு பெயரும் போனது.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஊர் எல்லை தாண்டியதும் கேட்டாள்.

"காலையில என்னையத் திரும்பிப் பாத்தீகள்ல, அப்ப நான் பொய் சொல்றேன்னு நெனச்சீகளா?"

இல்லை என்று சொல்வது சுலபம். வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"நெனச்சேன். ஒரு நொடி. போன் சொல்றத நம்பிட்டேன். எம்மேலதான் தப்பு ஆத்தா."

அவள் புத்தகப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "வண்டிய எடுங்கப்பா, நாளைக்கு வெள்ளனே பிராக்டீஸ் இருக்கு" என்றாள்.