இழுப்பறைச் சத்தம்

பெர்னடீன் காச்மரெக்கை எங்கள் கம்பெனியில் யாருக்கும் பிடிக்காது. எனக்கே முதல் ஆறு வருடம் பிடிக்கவில்லை. டோலிடோ நகரில் குழாய், பாய்லர், குளியலறைச் சாமான்களை மொத்தமாக விற்கிற இடம் எங்களுடையது. மற்றவர்கள் எல்லோரும் சரக்கை வெளியே தள்ளச் சம்பளம் வாங்கினோம். அவள் ஒருத்திதான் ‘பொறு’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கினாள். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சரக்கைக் கொடுத்துவிட்டு முப்பது நாள் கழித்துப் பணம் வாங்கிக்கொள்ளலாமா என்று முடிவு செய்கிற வேலை அவளுடையது.

அதற்கு ஒரு படிவம் உண்டு. ஏற்கெனவே கடனுக்குச் சரக்கு கொடுக்கிற மூன்று கம்பெனிகளின் பெயரை அதில் எழுதி, அவர்களிடம் விசாரித்துக்கொள்ளலாம் என்று கையெழுத்தும் போட வேண்டும். ஒழுங்காகப் பணம் கட்டிய மூன்று இடத்தைத்தானே எவனும் எழுதுவான்? வேலிக்கு ஓணான் சாட்சி. இது தெரிந்தும் பெர்னடீன் ஒவ்வொரு ஓணானையும் தொலைபேசியில் கூப்பிடுவாள். எந்த வருடத்திலிருந்து வாங்குகிறான், அதிகபட்சம் எவ்வளவு பாக்கி ஏறியது, இன்றைக்கு எவ்வளவு, அதில் கெடு தாண்டியது எவ்வளவு என்று கேட்பாள். நடந்ததை மட்டும்தான் கேட்கலாம். ‘இவனுக்குக் கொடுக்கலாமா?’ என்று கேட்கக் கூடாது. போட்டிக் கம்பெனிகள் கூடிப்பேசி ஒருவனை ஒதுக்குவது சட்டப்படி குற்றம்.

அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. தொலைபேசிக் கம்பியைக் கையில் சுற்றியபடி நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே பேசுவாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் விசாரணை முடியும் முன்பே முதலாளியின் அவசரத்துக்காக ஒருவனுக்குக் கணக்குத் திறந்தாள். அவன் வாரிச் சுருட்டிக்கொண்டு போனான். அந்த மாதம் கிடங்கில் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒருவன் அவளுடைய தம்பி. அதற்கப்புறம்தான் இந்த நடை என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள்.

எண்பத்தாறு அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் விற்பனையாள் லைல் ஒரு புது ஆளைப் பிடித்து வந்திருந்தான். பெயர் டுவெய்ன் ஸ்டட்ஸ்மன், குழாய் வேலைக் காண்டிராக்டர். ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக இருபத்தாறாயிரம் டாலருக்குச் செம்புக் குழாயும் இரண்டு பாய்லரும் கேட்டிருந்தான். லாரி மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். கமிஷனை மனதில் செலவழித்தே முடித்துவிட்ட லைல், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து அவள் மேசையைத் தட்டிவிட்டுப் போனான். எனக்கும் பொறுக்கவில்லை. ஆர்டர் எழுதினவன் நான்.

முதல் இரண்டு இடமும் சின்னக் கணக்கு, ஒழுங்காகக் கட்டியிருந்தான். மூன்றாவது, லைமா ஊரில் எங்களைப் போலவே குழாய் விற்கிற கம்பெனி. அங்கே கடன் பிரிவில் இருந்தவர் ஹார்லன் பிரிக்கர். பதின்மூன்று வருடமாகத் தொலைபேசியிலேயே பழக்கம். இருவரும் முகம் பார்த்ததில்லை. எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி அவர் கேட்பார், அவருடைய வாடிக்கையாளர்களைப் பற்றி இவள் கேட்பாள். கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு இரும்பு இழுப்பறை கிறீச்சிடும். கணக்கு அட்டையை எடுத்து எண்களை ஒப்பிப்பார். அதற்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார்.

அன்று காலை பத்து மணிக்கும் எண்களைச் சொன்னார். எழுபத்தொன்பதிலிருந்து வாங்குகிறான். அதிகபட்சம் பதினெட்டாயிரம். இன்றைக்கு இரண்டாயிரம், எதுவும் கெடு தாண்டவில்லை. எல்லாம் நல்ல எண்கள். பெர்னடீன் எழுதிக்கொண்டு தொலைபேசியை வைத்தாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

லைல் வந்தான். “மூணு பேரும் நல்லாத்தானே சொன்னாங்க? அப்புறம் என்ன தாயே, சோழி உருட்டிப் பாக்கணுமா?”

அவள் நடந்துகொண்டே இருந்தாள். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். முட்டை சாண்ட்விச்சில் பாதி அப்படியே கிடந்தது. ஒன்றரை மணிக்கு என் மேசையருகே வந்து நின்றாள்.

“ஹார்லன் இன்னிக்கு இழுப்பறையைத் திறக்கல,” என்றாள்.

மனப்பாடமாக இருந்திருக்கும் என்றேன்.

“கடைசியில ‘நல்ல மனுஷன்’னு வேற சொன்னார். பதிமூணு வருஷத்துல யாரையும் அவர் அப்படிச் சொன்னதில்ல.”

ஒருவனை நல்லவன் என்றதற்காக அவனுக்குச் சரக்கை நிறுத்துவாயா என்று கேட்டேன். எரிச்சலாகத்தான் கேட்டேன். கீழே பாய்லர்களை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு மறுபடியும் லைமாவைக் கூப்பிட்டாள். குற்றம் சாட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

“ஹார்லன், அட்டையைக் கையில எடுத்துக்கங்க. முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள்னு பாக்கியைப் பிரிச்சுப் படிங்க. எழுதிக்கிறேன்.”

அவள் நடப்பதை நிறுத்தியிருந்தாள். அந்தக் கிறீச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், பென்சிலை எடுத்தாள். நாற்பத்தோராயிரம் என்று எழுதினாள். அதில் முப்பத்து நாலாயிரம் தொண்ணூறு நாளைத் தாண்டியது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே போனார், இவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்: அந்தக் கணக்கை அவ்வளவு தூரம் ஏறவிட்டது ஹார்லன்தான். அவருடைய முதலாளிக்கே தெரியாது. நாங்கள் சரக்கு கொடுத்தால் டுவெய்ன் பள்ளிக்கூட வேலையை முடிப்பான், பணம் வரும், ஹார்லனின் பாக்கி தீரும், வேலையும் பிழைக்கும். கொடுக்காவிட்டால் எல்லாம் போகும்.

“தகவலுக்கு நன்றி,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

படிவத்தில் ‘பணம் கட்டினால் சரக்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாய்லர்களை லாரியிலிருந்து இறக்கினார்கள். லைல் வந்து கத்தினான், எவன் கெடுத்தது என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டான். விசாரணையில் யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே போகக் கூடாது. போனால் நாளைக்கு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. முதலாளியிடம் லைல் புகார் சொன்னான். அவரிடமும் முடிவு தன்னுடையது என்று மட்டும் சொன்னாள்.

கையில் பணம் இல்லாத டுவெய்ன் சரக்கு எடுக்க வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே கடையை மூடிவிட்டான். ஜனவரியில் லைமாவைக் கூப்பிட்டபோது ஒரு இளம்பெண் எடுத்தாள். மிஸ்டர் பிரிக்கர் இப்போது இங்கே இல்லை என்றாள். பெர்னடீன் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருவர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவள் உள்ளே வெந்தது எனக்குத் தெரியும்.

மார்ச்சில் அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. டேட்டன் ஊரில் ஒரு கருவிக் கம்பெனி. அங்கே ஹார்லன் பிரிக்கர் என்பவர் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். தன்னைப் பற்றி விசாரிக்க அவர் எழுதிக் கொடுத்த மூன்று பெயர்களில் ஒன்று இவளுடையது.

பெர்னடீன் எழுந்தாள். கம்பி கையில் சுற்றியது. நானும் என் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன சொல்லப்போகிறாள் இந்தப் பொய் தெரியாதவள்?

“பதிமூணு வருஷமாத் தெரியும். நேர்ல பாத்ததில்ல. இருநூறு தடவையாவது தகவல் வாங்கியிருப்பேன். எல்லாம் சரியா வந்துச்சு.” நின்றாள். “ஒரே ஒரு தடவை நாலு மணி நேரம் தாமதம். கேட்டதும் பாக்கி வைக்காம முழுசாக் கொடுத்துட்டார்.”

அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள். அபிப்பிராயம் சொல்கிற வழக்கம் தனக்கில்லை என்றாள்.

அதோடு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

“நல்ல மனுஷன்,” என்றாள்.