பேரைக் கழித்துப் பார்த்த அறிக்கை

கல்முனையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. நான்கு கணினி, ஒரு பிரிண்டர், எந்நேரமும் கரகரக்கும் ஒரு மின்விசிறி. கடைகளுக்கும் தங்குமிடங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்போம். பிறகு மாதாமாதம் ஓர் அறிக்கை: தேடுபொறியில் என்னென்ன சொல் தட்டியவர்களுக்கு அந்தத் தளம் காட்டப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்து உள்ளே வந்தார்கள் என்று. அறிக்கை என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் ஓ.எல். பரீட்சை தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆகையால் அச்சில் வந்தது எதையும் நம்புவேன், நான் அச்சடித்ததையும் சேர்த்து.

அறிக்கையில் கிளிக்குகளின் எண்ணிக்கை மாதாமாதம் ஒரு கோடாக ஏறி இறங்கும். எங்கள் வாடிக்கையாளர்களில் மிக அழகாக ஏறிய கோடு அறுகம்பை ஹாஜியாருடையது. கடலோரத்தில் அவருக்கு ஆறு அறையுள்ள தங்குமிடம். சுனாமி அவருடைய பழைய வீட்டையும் மூத்த மகளையும் கொண்டு போனது. அதே வளவில் மறுபடி கட்டி மகளின் பேரை வைத்தார். சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனத்து வெளிநாட்டுக்காரர்கள் அங்கேதான் வருடக்கணக்கில் தங்கினார்கள். போனவர்கள் வருபவர்களுக்குப் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். தளத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அந்தப் பேர், அதன் கீழே அவள் கதை. வேறு பக்கமே இல்லை.

யுத்தம் முடிந்து, அலையில் சறுக்க ஆட்கள் வரும் இரண்டாவது சீசன். ஹாஜியார் பின்வளவில் இன்னும் எட்டு அறை கட்ட யோசிப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் அந்தத் தைரியம் என்றார். அப்போதே இன்னொன்றையும் பெருமையாகச் சொன்னார்.

"பக்கத்து வளவுக்காரனுக்கு வாறதெல்லாம் புது வெள்ளக்காரன் மனே. நம்மட்ட வாறது முழுக்கப் பழைய ஆக்கள். தெரிஞ்ச ஆக்கள்தான் நம்பி வருவாங்க."

அது எனக்குள் முள்ளாய்த் தைத்தது. அன்றே அவருடைய தேடற்சொற்களை இரண்டாகப் பிரித்தேன். தங்குமிடத்தின் பேரைத் தட்டி வந்தவை ஒரு பக்கம். பேர் தெரியாமல் 'அறுகம்பையில் அறை', 'அலையில் சறுக்கத் தங்குமிடம்' என்று ஆங்கிலத்தில் தேடி வந்தவை மறு பக்கம். முதலில் மறு பக்கமும் தெம்பாகத்தான் தெரிந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு வரிவரியாகப் பார்த்தால், அங்கேயும் அவளுடைய பேர்தான் ஒளிந்திருந்தது. அந்தப் பேரின் முதலெழுத்தை நம்மவர்களே ஸ, ஜ என்று இரண்டு விதமாக எழுதுவார்கள். வெள்ளைக்காரர்கள் காதால் கேட்டதை எஸ், இஸட், ஜே என்று மூன்று எழுத்தில் தொடங்கி, நடுவில் ஐ ஒன்றோ, ஈ ஒன்றோ இரண்டோ போட்டுத் தட்டியிருந்தார்கள். நான் ஒரே ஓர் எழுத்துக்கூட்டலைத்தான் விலக்கியிருந்தேன். ஒன்பது விதத்தையும் எழுதி விலக்கினேன்.

மிஞ்சியது கைவிரலில் எண்ணக்கூடிய கிளிக்குகள். அந்தப் பொதுச் சொற்களுக்கெல்லாம் தளம் தேடுபொறியின் நாலாம் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் யாரும் புரட்டுவதில்லை. பேரைத் தட்டினால் முதலாவதாக வரத்தானே செய்யும். அந்தப் பேரில் உலகத்தில் வேறு தங்குமிடம் இல்லை. பேரைத் தட்டி வந்த கிளிக்குகள்தான் மொத்தக் கோட்டையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தன. தொண்டு நிறுவனங்களோ ஒவ்வொன்றாக அலுவலகத்தை மூடிக்கொண்டிருந்த காலம். பேர் தெரிந்தவர்கள் நாடு திரும்பிவிட்டால் கோடு விழும். புதிதாக வருகிறவனுக்கு நாங்கள் கண்ணிலேயே படவில்லை.

முதலாளியிடம் காட்டினேன். அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிடும் ஊர்க்காரர்தான், நல்ல மனிசன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாடிக்கைக்காரன் சந்தோஷமா இரிக்கான். நீ ஏன்டா போய்ச் சொறியிற?" என்றார். ஹாஜியாரிடம் சொல்லத்தான் வேண்டுமென்றால் வாரலீவு நாளில் போய்க்கொள் என்றும் சொன்னார்.

போனேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறி, தம்பிலுவில் தாண்டி, இன்னும் எடுக்கப்படாத ஓர் இராணுவச் சென்றியில் சோதனைக்கு இறங்கி ஏறி, அறுகம்பைக்குப் பக்கத்துப் பொத்துவிலுக்குப் போய்ச் சேர மத்தியானம். வழி நெடுக மனப்பாடம் செய்தேன். தளத்தில் அறைகளுக்கு ஒரு பக்கம், அலை எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு பக்கம், எந்த மாதம் எந்த அலை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். முதல் பக்கத்தின் தலைப்பில் பேரோடு 'அறுகம்பைத் தங்குமிடம்' என்றும் சேர்க்க வேண்டும். அது பலன் தரும்வரை கட்டட வேலையைத் தள்ளிப்போட வேண்டும். எல்லாம் சரியான விஷயம். அதைச் சொல்ல நான் எடுத்த வார்த்தைதான் பிழைத்தது.

ஹாஜியார் ஐஸ் போட்ட தேசிக்காய்ச் சாறு தந்தார். அவருடைய மனைவி கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. பேரோடு ஒன்று, பேரில்லாமல் ஒன்று என இரண்டு கோடும் உள்ள தாளை விரித்தேன்.

"புள்ளட பேரக் கழிச்சிட்டுப் பார்த்தா இங்க ஒண்டுமில்ல ஹாஜியார்."

அலுவலகத்தில் நாங்கள் அப்படித்தான் கதைப்போம். பேரைக் கழி, பேரை நீக்கு, பேர் இல்லாமல் பார். அந்த வீட்டில் அதைச் சொன்ன பிறகுதான் அது என்ன வசனம் என்று எனக்கே கேட்டது. சீலைக்குப் பின்னால் வளையல் சத்தம் உள்ளே போனது.

ஹாஜியார் தாளை மடித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் விளக்கியிருப்பேன்.

"அவட பேரக் கழிச்சிட்டுப் பார்க்கவா நான் இந்த ஊட்டக் கட்டினன்? கடல் கழிச்சது காணாதா, தம்பி?"

அதுவரை மகனைக் கூப்பிடுவதுபோல் 'மனே' என்றவர் 'தம்பி' என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். தலைப்பைப் பற்றியோ நாலாம் பக்கத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் ஹாஜியார் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்து, அறிக்கையைப் பழைய மாதிரியே அனுப்பச் சொன்னாராம். முதலாளி என்னைத் திட்டவில்லை, சிரித்தார். "படிச்ச ஆள் நீ, மனிசரட்டக் கதைக்கப் படிக்கல்ல" என்றார். அந்த மாதமும் அதற்கடுத்த மாதங்களிலும் நான் ஒரே கோட்டை அச்சடித்து அனுப்பினேன். கீழே அந்த ஒன்பது எழுத்துக்கூட்டலும் சேர்ந்தே எண்ணப்பட்டன. கோடு அழகாகத்தான் இருந்தது. எட்டு அறையும் எழும்பியது.

மறு சீசனில் தொண்டு நிறுவனத்தவர் அநேகமாக எல்லோரும் போய்விட்டார்கள். கோடு ஒரே மாதத்தில் இறங்கியது. அறுகம்பை முழுக்க ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். பக்கத்து வளவில் தென்னைமரத்துக்கு நடுவில் கூடாரம் அடித்துக்கூடப் படுத்தார்கள். ஹாஜியாரின் புதிய அறைகளில் மெத்தைக்குச் சுற்றிய பொலித்தீன் கழற்றப்படவில்லை. அந்த வருடக் கடைசியில் கொழும்பு ஆள் ஒருவர் முழுவதையும் குத்தகைக்கு எடுத்தார். எடுத்த கிழமையே மகளின் பேர் இருந்த பலகையை மாற்றினார். புதுத் தளமும் எங்களிடமே கேட்டார். அறைக்கு, அலைக்கு, மாதத்துக்கு என்று தனித்தனிப் பக்கம் நானே எழுதினேன். சில மாதத்தில் பொதுச் சொற்களுக்குத் தளம் தேடுபொறியின் முதல் பக்கத்துக்கு வந்தது. முதலாளி எனக்குக் கை தந்தார்.

ஹாஜியாரைப் பிறகு கல்முனை ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். மனைவியைக் காட்ட வந்திருந்தார். சலாம் சொன்னேன், பதில் சொன்னார். புதுத் தளம் நன்றாக ஓடுகிறதாமே என்று கேட்டார். ஓம் என்றேன். என்ன செய்தாய் என்றார். சொன்னேன். அந்த மத்தியானம் பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை, ஒரு சொல் விடாமல்.

முழுதும் கேட்டார். கையிலிருந்த மருந்துத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் அண்டைக்கு மகள நினைச்சிட்டன். நீ ஏன் திரும்ப ஒருக்கா வந்து சொல்லல்ல?"

நீங்கள் பழைய மாதிரியே அனுப்பச் சொன்னதாக முதலாளி சொன்னார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பர் கூப்பிடுகிறார்கள் என்று உள்ளே போனார்.