அம்பிட்டிய ஏற்றத்தில் கேட்ட "ஏலும்"

உயர்தர விளையாட்டு விஞ்ஞான மாணவிகளை அம்பிட்டிய ஏற்றத்தில் ஓடவிட்டு, ஸ்கூட்டரில் பதற்றத்தோடு பின்தொடர்ந்தேன். முன்னால் ஓடியவளுக்குத்தான் வகுப்பிலேயே ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் அதிகம். ஆனால் அது உச்ச அளவு மட்டும்தான். தசைகள் கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் லக்டேற்று, இரத்தத்தில் வேகமாகச் சேரும் எல்லையைத் தாண்டினால், யாராலும் நெடுநேரம் ஓட முடியாது; அந்த எல்லை எந்த வேகத்தில் வரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பேச முடிகிற வேகம் அந்த எல்லைக்குள் இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன்.

"ஏலுமா?"

"ஏலும் டீச்சர்."

மூன்று வளைவிலும் அதே பதில். அவள் உதடு வெளுத்திருந்தது. டீச்சர் கேட்டால் வேறென்ன சொல்வாள்? என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

"வீட்டு விலாசத்தை முழுசாச் சொல்லு."

வீட்டு இலக்கத்தோடு மூச்சு முட்டி நின்றுவிட்டாள். பின்னால் ஓடிவந்த, ஒட்சிசன் திறன் குறைந்த அவளுடைய தோழி, தன் விலாசத்தைத் தபால் கந்தோர் வரை சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டி ஓடினாள்.