212-ஆம் நம்பர் அட்டை

கிருபாபாய்க்கு அறுபத்துநாலு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே டாக்டரிடம் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். டாக்டர் காலமானதும் அவருடைய நோயாளி அட்டைகளை ராஜபாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது. அட்டையில் இருக்கும் கிறுக்கலைப் படிக்க ஆள் வேண்டும், அவளைக் கூப்பிட்டார்கள்.

மாடியில் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை. எதிரே கம்ப்யூட்டர்காரன் எட்வின். முதல் நாளே விளக்கிவிட்டான்.

“நோயாளி விவரத்தைப் பதிய ஃபயர்னு (FHIR) ஒரு முறை சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கும் புரியும். ஆளு ஒரு துண்டு, வந்த நாளு ஒரு துண்டு, பிரஷர் ஒரு துண்டு, அலர்ஜி ஒரு துண்டு. ஒவ்வொண்ணும் இன்னார் மேலதான்னு கைகாட்டணும். கை மாறிட்டா எல்லாம் போச்சு.”

“பிணத்துக் கால்ல சீட்டு கட்டுற மாதிரின்னு சொல்லு.”

“காலையிலேயே ஆரம்பிச்சிட்டீயளா?”

அட்டை நம்பரை வைத்தும், மேலே எழுதியிருக்கும் பெயரை வைத்தும் எட்வினின் புரோகிராம் ஆளை உண்டாக்கும். அது சரியாகச் செய்ததா என்று கிருபாபாய் அட்டையையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

அன்று காலை படியேறும்போது கீழே வார்டு வாசலில் மாரிசெல்வியைப் பார்த்தாள். கூமாப்பட்டிக்காரி, பழைய டாக்டரிடம் வந்துகொண்டிருந்தவள். வலது காலில் கட்டு.

“சிஸ்டர், நீங்க இங்கயா? கால்ல சீழ் வச்சிட்டு. பதினொரு மணிக்குக் கீறி விடுதாகளாம்.”

“பயப்படாதட்டி” என்று சொல்லிவிட்டு மேலே வந்தாள்.

பத்தரைக்குத் திரையில் 212 வந்தது. வெள்ளத்தாய், கூமாப்பட்டி. பிரஷர் 130/80, போன வருஷம் மார்ச். அதற்கு முன்பு 140/90. அதற்கும் முன்பு வரிசையாகப் பன்னிரண்டு வருஷம்.

கிருபாபாயின் கை மவுஸின் மேலேயே நின்றது. வெள்ளத்தாய் 2011 ஐப்பசியில் செத்துப்போனாள். கூமாப்பட்டிக்குப் போய் உடம்பைத் துடைத்து, தாடையைத் துணியால் கட்டியவளே கிருபாபாய்தான். திரையிலோ செத்தவள் வருஷா வருஷம் பஸ் ஏறி வந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?”

கிருபாபாய் காகித அட்டையை எடுத்துப் பார்த்தாள். 2011 ஐப்பசி, அவள் கையெழுத்து: “நெஞ்செரிச்சல். ஜெலுசில். நாளை வரச் சொல்லியது.” டாக்டர் அன்று வெளியூர். அது நெஞ்செரிச்சல் இல்லை, மாரடைப்பு; விடிவதற்குள் வெள்ளத்தாய் போய்விட்டாள். அடுத்த வரி ஒரு மாதம் கழித்து. அதுவும் அவள் கையெழுத்து, ஆனால் அது மருமகள் மாரிசெல்விக்கு எழுதியது. அதே வீடு, அதே நம்பர். அட்டையை மிச்சம் பிடிப்பதாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். உண்மை வேறு. அந்த அட்டை “நாளை வரச் சொல்லியது” என்று முடியக்கூடாது. அடுத்த வரி எழுதிவிட்டால், சொன்னபடி ஆள் வந்த மாதிரி இருக்கும்.

அவள் விரல் கீழே இறங்கியது. 2016: “பென்சிலின் ஊசி. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல்.” வந்தது மாரிசெல்விக்கு. திரையில் அந்த அலர்ஜித் துண்டு வெள்ளத்தாயைக் கைகாட்டியது.

“ஏலே எட்வின், மாரிசெல்வின்னு கூமாப்பட்டிப் பொம்பள, காலையில சேந்திருக்கா. அவளுக்கு என்ன காட்டுது?”

அவன் தட்டிப் பார்த்தான். “புது ஆளு. அலர்ஜி பதிவு எதுவும் இல்ல.”

“அலர்ஜி இல்லன்னு யாராவது எழுதியிருக்கா?”

“இல்ல. ஒண்ணும் எழுதலை, அம்புட்டுதான்.”

மணி பத்து ஐம்பது. போனை எடுக்காமல் அவள் படி இறங்கினாள். மூட்டு கத்தியது, கத்தட்டும்.

வார்டில் நர்ஸ் பொன்மணி தட்டிலிருந்த மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன மருந்து அது?”

“அமாக்சிசிலின் சேர்ந்தது சிஸ்டர்.”

“கீழ வை. அது பென்சிலின் வகை. இவளுக்கு ஆகாது.”

“நான் கேட்டேனே? அலர்ஜி இல்லன்னு சொன்னாவ.”

மாரிசெல்வி விழித்தாள். “கத்திரிக்காய், கருவாடு எல்லாம் சேரும்னுதான் சொன்னேன். ஊசின்னா… பேரு யாருக்குத் தெரியும்? நீங்கதான அட்டையில எழுதி வச்சீக?”

“எழுதினேன்” என்றாள் கிருபாபாய். “உன் மாமியார் அட்டையில.”

டாக்டர் வந்து வேறு மருந்து எழுதினார். கிருபாபாய் மாடியேறி எட்வினிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். இப்படி ஒரு வீட்டு அட்டையில் இரண்டு பேருக்குச் சேர்த்து எழுதியது இன்னும் ஏழெட்டு இருக்கும், எல்லாவற்றையும் தானே பிரித்துத் தருவதாகவும் சொன்னாள். அவன் திட்டவில்லை. ஐப்பசிக்குப் பிறகு உள்ள பிரஷர், வருகை, அலர்ஜி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாரிசெல்வி மேல் கைகாட்ட மாற்றினான்.

“வெள்ளத்தாய்க்கு இறந்த தேதி போடணும் சிஸ்டர்.”

சொன்னாள். அடித்தான்.

திரையில் மாரிசெல்வியின் பெயருக்குக் கீழே அலர்ஜி எச்சரிக்கையாகச் சிவப்புப் பட்டை எழுந்தது. 212-இல் கடைசி வருகையாக 2011 ஐப்பசி நின்றது. நெஞ்செரிச்சல். ஜெலுசில். நாளை வரச் சொல்லியது.

“இந்தக் குறிப்பு அப்படியே இருக்கட்டுமா?” என்றான் எட்வின்.

“எழுதினது எழுதினதுதான்” என்றாள் கிருபாபாய். “அது யார் எழுதினதுன்னு போட ஒரு இடம் இருக்குல்ல? அதுல என் பேரைப் போடு.”