சைகோன் பட்டும் காலர் இல்லாத சட்டையும்

என் மாமனார் கோடை முழுவதும் பட்டில் வெந்துகொண்டிருந்தார். வீட்டில் ஒருவருக்கும் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. நான் சொன்னேன். அதற்காக எனக்கு அடங்காத மருமகள் என்று பெயர் வந்தது. வரட்டும்.

அவர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரிக்குத் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த பிஜாமாக்கள்தான் அவருக்கு இரவு உடை. பளபளக்கும் பட்டு, கழுத்தில் காலர், மணிக்கட்டில் பட்டி, இடுப்பில் இறுக்கி முடியும் நாடா. நெருக்கமாக நெய்த துணி. காற்று உள்ளே வராது, வேர்வை வெளியே போகாது. நனைந்தால் முதுகில் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்ச் சித்திரை வைகாசியில், கடற்காற்றும் நின்றுபோகும் இரவுகளில், அதைப் போட்டுக்கொண்டு இலவம்பஞ்சு மெத்தையில் படுப்பார். தூக்கம் எப்படி வரும்? விடிய விடிய மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசுவார். காலையில் அவரால் காபிச் செம்பைத் தூக்க முடியாது. தோள் அப்படி வலிக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

பிறகு மாமனாருக்கு வேர்க்குரு புண்ணாயிற்று. பிடரியில், முதுகில், நாடா இறுக்கும் இடுப்பில். அவருக்கு நீரிழிவு வேறு. டாக்டர் வந்து பார்த்தார். தமிழர்தான்; ஆனால் ஐயா என்பதற்கு 'முசியே' என்பார்.

"இந்தப் புண்ணு ஆறலைன்னா உள்ள எறங்கிடும், முசியே. அப்புறம் கத்திதான் வைக்கணும். முதுகுல காத்துப் படணும். இந்தப் பட்ட வுட்டுடுங்க. ஒரு நல்ல வேட்டியக் கட்டிக்கிட்டு..."

அவ்வளவுதான். மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேட்டியா? எங்கப்பாரு சர்க்கார்ல கையெழுத்துப் போட்டு வேட்டிய வுட்டவரு. நான் பொறந்ததுலேர்ந்து கட்டுனதில்ல. சாவுற காலத்துல கட்டச் சொல்றீங்களா?"

எங்கள் குடும்பங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் வழக்கச் சட்டத்தை விட்டு, பிரெஞ்சுச் சட்டப்படியே வாழ்கிறோம் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அப்படி எழுதிக் கொடுத்த வீட்டு ஆண்பிள்ளைகள் கால்சட்டையைக் கழற்றுவது சாதாரண விஷயமில்லை. தூக்கத்தில்கூட.

"அப்ப வெறும் உடம்போட படுங்க மாமா" என்றேன்.

"பார் இவளை!" என்றார் மாமியாரிடம். "நான் என்னா வைத்திக்குப்பத்துல கட்டுமரம் தள்றவனா?"

"தள்றவன் நல்லாத் தூங்குறான்" என்றேன். மாமியார் என் கையைக் கிள்ளினார்.

அன்று மதியமே கத்தரிக்கோலை எடுத்தேன். மடத்துக் கன்னியாஸ்திரீகளின் தையலறையில் வேலை கற்றவள் நான். கடையில் புது மல் துணி வாங்கி ஒரு சட்டை தைத்தேன். அது உதவவில்லை. புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். எவ்வளவு அலசினாலும் முதலில் போகாது. விறைப்பாக நின்று புண்ணில் உரசியது. அதோடு அந்த மல் மிகவும் மெல்லியது; நனைந்ததும் அதுவும் தோலோடு ஒட்டியது. மெல்லியதாக இருந்தால் மட்டும் போதாது. துணி வேர்வையைக் குடிக்கவும் வேண்டும், உடம்பை விட்டு விலகி நிற்கவும் வேண்டும்.

மாமியார் பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளைப் பருத்திப் புடவையை என் மடியில் போட்டார். எத்தனையோ வெளுப்புக் கண்டது. கையில் எடுத்தால் குழந்தையைத் துடைக்கலாம்போல மிருது; ஆனால் இழை தெரியும் நெசவு.

"கரையக் கத்திரிச்சிடு. தெரிஞ்சா போடமாட்டாரு."

கரையை வெட்டிவிட்டுத் தைத்தேன். இடுப்பில் நாடா கிடையாது. தோளிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரே தொங்கல். நீரிழிவுக்காரர் ராத்திரியில் எத்தனை தரம் எழுந்து கொல்லைக்குப் போவார். நாடாவை அவிழ்த்து முடிகிற பாடு வேண்டாம். தரையைத் தொட்டால் தடுக்கும், அதனால் அதற்கு மேல் நிறுத்தினேன். இரண்டு பக்கமும் முழங்கால் வரை திறப்பு. அக்குளில் சதுரத் துண்டு வைத்தேன், கையைத் தூக்கினால் இழுக்காமல் இருக்க. கை அகலம், முழங்கையோடு சரி. தையல் விளிம்புகளை எல்லாம் வெளிப்பக்கம் திருப்பினேன். புண்ணில் ஒரு மடிப்பும் படக்கூடாது. பித்தான்கள் முன்பக்கம் மட்டும். பிடரியை நன்றாக இறக்கி வெட்டினேன்.

மாமனார் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"காலர் எங்க?"

"காலர் படுற எடத்துலதான புண்ணு இருக்கு?"

"காலர் இல்லாம இது என்னா சட்டை? ஆஸ்பத்திரியில பொணத்துக்கு மாட்டுறது. காலையில அவங்க வந்தா நான் இதோடயா போய் நிக்கறது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் சைகோன் பென்ஷன்காரர்கள் இருவர் எங்கள் வாசல் வராந்தாவுக்கு வந்துவிடுவார்கள். இவர் பிஜாமாவோடு போய் அவர்களுடன் உட்கார்ந்து பேசுவார். அவர் அந்தப் பட்டைப் போட்டுக்கொண்டு படுத்தது தூங்குவதற்காக அல்ல. விடிந்ததும் அந்த இரண்டு கிழவர்கள் முன்னால் நிற்பதற்காக. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டையைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

கிழிக்கவில்லை. அவர் பெட்டியில் வேலைக்குப் போட்ட சட்டைகள் இருந்தன. அந்தக் காலத்துச் சட்டைகளில் காலர் தனி. பித்தானில் மாட்டுவார்கள், கழற்றித் தனியே வெளுப்பார்கள். அந்த வழியையே எடுத்துக்கொண்டேன். மீதித் துணியில் மடிப்புக் காலரும் நெஞ்சு மறைக்கும் அளவுக்கு ஒரு முன்பக்கமும் வெட்டி, அதற்கு மட்டும் கஞ்சி போட்டு இஸ்திரி தேய்த்தேன். சட்டையின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு பித்தான் வைத்தேன்.

"ராத்திரிக்குக் கழட்டிடுங்க. காலையில அவங்க செருப்புச் சத்தம் கேட்டதும் மாட்டிக்குங்க. கீழ கால்சட்டையப் போட்டுக்கிட்டுச் சட்டைய உள்ள சொருகிக்குங்க. எவனுக்குத் தெரியும்?"

அவர் மாட்டிப் பார்த்தார். கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பினார். பிறகு துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு மாமியாரை முறைத்தார்.

"இது ஒன் பொடவையாச்சே."

கரையை வெட்டியும் அடையாளம் தெரிந்திருக்கிறது. மாமியார் அசரவில்லை.

"உங்க சைகோன் பட்டு கடிச்ச கடிக்கு இது ஒண்ணும் கடிக்காது. போடுங்க."

போட்டார். அடுத்த நாள் வராந்தாவில் ஒரு பென்ஷன்காரர், "என்னா முசியே, புது மோஸ்தரா இருக்கு?" என்று கேட்டார்.

"பாரீஸ்ல இப்ப எல்லாம் இப்படித்தான்" என்றார் மாமனார். உள்ளே நானும் மாமியாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

மாற்றிக்கொள்ள இன்னொரு புடவையையும் வெட்டினேன். தினமும் ஒன்று வெயிலில் காயும், ஒன்று உடம்பில் இருக்கும். முதலில் இடுப்புப் புண் காய்ந்தது, பிறகு முதுகு. பிடரிதான் கடைசி. கத்தி வைக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்ன அன்றும் அவர் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள் கோவில் மணி அடித்தும் மாமியார் எழவில்லை. அவர் பூசைக்குப் போகாத நாளை நான் பார்த்ததில்லை. பயந்துபோய் அறைக்கு ஓடினேன். வாசலில் மாமனார் அந்தச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கத்தில் இருந்தார்.

"ராத்திரி விசிறி வேணான்னு சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக. "கத்தாத. தூங்கட்டும்."

நான் எங்கே கத்தினேன்? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டார். நான் அடுப்பை மூட்டப் போனேன்.