மறுபிறவிக்கு ஒரு திகதி

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து முள்ளியவளைக்கு வந்த பிறகு நான் இரண்டு வேலை பார்த்தேன். காலையில் கொட்டில் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. பின்னேரத்தில் தொடர்கதை எழுதுபவள். இரண்டுக்கும் சம்பளம் இல்லை. ஆனால் இரண்டாவது வேலையில் மதிப்பு இருந்தது.

கதையை ஒரு கொப்பியில் எழுதினேன். பாவித்த கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்தது அது. சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வளவுப் பெண்கள் பாலைமரத்துக்குக் கீழே கூடியிருந்து கச்சான் கடலை உடைப்பார்கள். நான் அந்தக் கிழமை எழுதியதை வாசிப்பேன். படிக்கத் தெரிந்தவர்கள் பிறகு கொப்பியை வாங்கிக்கொண்டு போய்த் தனியாகவும் படிப்பார்கள். திரும்பி வரும்போது தாள்களில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

எடுத்த எடுப்பிலேயே மறுபிறவிக் கதைதான் எழுதினேன். அதில் ஒரு வசதி இருக்கிறது: எழுத்தாளருக்கு இரண்டு முடிவு கிடைக்கும். கதாநாயகனைக் கொன்று எல்லோரையும் அழவைக்கலாம். பிறகு பிறக்க வைத்துச் சிரிக்கவும் வைக்கலாம். ஆனால் சும்மா செத்தால் போதாது, சொல்லி முடிக்காத ஒரு சொல்லோடு சாக வேண்டும். தீராத காதலோ தீராத பழியோ இல்லாதவன் பிறந்துவந்து என்ன செய்வது? கொன்றவன் கிழவனாகிச் செத்துவிடாமல், பழி வாங்கத் தகுந்த தெம்போடு காத்திருக்க வேண்டும். பட்ட காயம் அடுத்த உடம்பில் மறுவாக வர வேண்டும். அந்த மறுவை அடையாளம் காண ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். செத்த இடத்துக்கு அவன் கால் தற்செயலாகப் போக, பழைய ஞாபகம் திரும்ப வேண்டும். இவ்வளவையும் நான் ஒழுங்காகவே கட்டி வைத்திருந்தேன். குளக்கட்டில் வைத்து ஒரு முதலாளி என் கதாநாயகனின் கணுக்காலை வெட்டித் தண்ணீரில் தள்ளினான். காதலி கரையில் நின்று சத்தியம் செய்தாள், நீ எந்தப் பிறவி எடுத்தாலும் காத்திருப்பேன் என்று. பெண்கள் கச்சானை விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்கள்.

சிந்தாதவள் ஒருத்திதான். இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. வயல் கூலிக்குப் போவாள். என் கொட்டிலுக்கு அடுத்த கொட்டில். அதற்கு முந்தின வருஷம் வைகாசியில் அவளுடைய புருஷன் புளியங்குளத்தில் இருந்த தன் தங்கையின் குடும்பத்தைக் கூட்டிவரச் சைக்கிளில் போனவன். சண்டை அந்தப் பக்கம் வந்துவிட்டது. தங்கை குடும்பம் தானாகவே நடந்து இங்கே வந்து சேர்ந்தது. அவன் தங்கள் வீட்டுக்கு வரவேயில்லை என்றார்கள். சைக்கிளைக்கூட ஒருவரும் காணவில்லை. இவள் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாரும் அந்தப் பொட்டை நேரே பார்க்கவும் இல்லை.

அவள் அன்றைக்குக் கேட்ட கேள்வி இதுதான்.

"அவன் மறுபடி பொறந்து வளர்ந்து வாறப்ப, அவளுக்கு என்ன வயசு டீச்சர்?"

நான் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். அவன் இருபது வயதில் வந்தால் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும். மகன் வயதுக்காரனை வைத்து நான் எப்படிக் காதல் எழுதுவது? பாலைமரத்தடி முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் கேள்வி சரியானது. அடுத்த கிழமையே காதலியையும் அதே குளத்தில் தள்ளினேன். வயது பிசகாமல் இருக்க ஒரு விதியும் சேர்த்தேன்: ஓர் உயிரின் கடைசி மூச்சும் ஒரு குழந்தையின் முதல் அழுகையும் ஒரே கணத்தில் நடக்கும். கணக்கு நேராகிவிட்டது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த விதிதான் வினையாகப் போயிற்று.

எங்கள் வரிசையின் கடைசிக் கொட்டிலில் ஒரு பெண்ணுக்கு அதே முந்தின வருஷம் புரட்டாதியில் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளையின் இடது கணுக்காலில் பெருவிரல் அளவில் ஒரு கறுத்த மறு. காணாமற்போனவனுக்கும் இடது கணுக்காலில் மண்வெட்டி பட்ட தழும்பு உண்டு. இரண்டையும் அதுவரை ஒருவரும் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் வாசித்த பிறகு பார்த்தார்கள். முதலில் சேர்த்தவள் அவனுடைய தங்கைதான். அண்ணன் தன்னைத் தேடி வந்துதான் போய்விட்டான் என்ற குற்ற உணர்ச்சியில் அவள் உருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அழுதாளாம்.

பிள்ளை பிறந்த நாள் தெரியும். அப்படியானால் என் விதிப்படி அவன் செத்த நாளும் தெரியும்; வைகாசியிலிருந்து அதுவரை எங்கோ காயத்தோடு கிடந்திருப்பான் என்று சொல்லிக்கொண்டார்கள். தேய்பிறைத் தசமி என்று பஞ்சாங்கம் வைத்திருந்தவர் சொன்னார். இதை வெளியில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். உடலும் இல்லை, திதியும் இல்லை என்றால் அந்தியேட்டியும் இல்லை, திவசமும் இல்லை. ஒரு பிடி சோறு வைக்கக்கூட நாள் இல்லை. அப்படி எத்தனையோ வீடுகள் இருந்தன. இப்போது ஒரு வீட்டுக்கு நாள் கிடைத்துவிட்டது. வருகிற புரட்டாதியில் எல்லாவற்றையும் செய்து முடிக்கலாம் என்று பெண்கள் தீர்மானித்தார்கள். அரிசி சேர்க்கவும் தொடங்கிவிட்டார்கள். ஒருவரிலும் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. நானும் உள்ளுக்குள் நல்லது என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவள் எவ்வளவு காலத்துக்கு வாசலில் நின்று ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருப்பது?

பிள்ளையின் தாய் மட்டும் என்னிடம் தனியே வந்து முறையிட்டாள்.

"ரீச்சர், என்ர பிள்ளையை எல்லாரும் அண்ணை எண்டு கூப்பிடினம். எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் சிரித்து அனுப்பிவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது அடுத்த கொட்டில்காரி வந்து வாசலில் நின்றாள். வயலுக்குப் போகும் கோலம், தலையில் துண்டு. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. பிள்ளையைத் தான் இதுவரை தூக்கவில்லை என்று எல்லோரும் தன்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள் என்றாள். தூக்கினால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றாள். பிறகு சொன்னாள்:

"மறுபடி பொறக்கணும்னா மொதல்ல சாகணும்ல, டீச்சர். அவரு செத்தத நீங்க பாத்தீங்களா?"

இவ்வளவு காலமும் நான் மறுபிறவிக் கதையை ஆறுதல் கதை என்றே எண்ணியிருந்தேன். அதன் முதற்படி ஒரு பிணம் என்பது எழுதியவளான எனக்கே உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது.

அந்தச் சனிக்கிழமை கதையைத் திருப்பினேன். ஒரே கணத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் பிறக்கிறார்கள், மறு இல்லாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒரு மருத்துவிச்சியைப் பேச வைத்தேன். கதாநாயகன் சாகவேயில்லை, வெள்ளம் அவனைத் தூர ஊரில் ஒதுக்கியது என்று எழுதினேன். காதலியையும் ஒரு மருதங்கிளையில் மாட்டிக் காப்பாற்றி வீட்டில் கொண்டுபோய் இருத்தினேன். கேவலமான அத்தியாயம். பெண்கள் விடவில்லை. கண்ணீரைத் திருப்பித் தரச் சொன்னாள் ஒருத்தி. தங்கைக்காரிதான் எல்லோரிலும் கூடக் கொதித்தாள். மறுபிறவி இல்லையென்றால் அந்த முதலாளியை யார் கேட்பது என்றாள். அதற்கு இவள் கச்சானிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள், கதையில் வெட்டினவன் யாரென்று தெரியும், நமக்கு யாரைப் போய்க் கேட்பதென்று தெரியுமா என்று. அதன் பிறகு யாரும் பழியைப் பற்றிப் பேசவில்லை.

எப்படியோ புரட்டாதித் திட்டம் கைவிடப்பட்டது. சேர்த்த அரிசியைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். அவள் எனக்கு ஒரு சுண்டு கச்சான் கொண்டுவந்து தந்தாள். நான் ஒரு பெரிய நன்மை செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஆனால் கதை நின்றுவிட்டது. உயிரோடு இருக்கும் மனிதன் ஒரு நாள் வீட்டுக்கு வர வேண்டும் அல்லவா? அதை எழுத எனக்குத் துணிவில்லை. நான் எழுதி, அவள் நம்பி, அவன் வராமல் போனால்? மாசக்கணக்கில் அவனை நடக்க வைத்தேன். ஆறு கடந்தான், காடு கடந்தான், காய்ச்சலில் கிடந்து எழும்பினான். பெண்கள் ஒவ்வொருவராகக் கொப்பியை இரவல் கேட்பதை விட்டார்கள். கடைசியில் தாள் இல்லை என்று சொல்லி நானும் நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் அவள் என்னிடம் வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துப் பயிற்சி எழுதியிருந்த நாலைந்து தாள் கையில் இருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கே சேர்த்தாளோ தெரியாது.

"ஒண்ணு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. இல்ல, சாகடிச்சிருங்க. ரோட்டுலயே நிக்க வைக்காதீங்க டீச்சர். அது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கதாநாயகன் என்று அவள் சொல்லவில்லை. அவர் என்றுதான் சொன்னாள். நான் அவளை உட்காரச் சொல்லி, அவள் முன்னாலேயே எழுதினேன். அவன் படலையைத் திறந்தான். சைக்கிளைச் சாத்தினான். தண்ணி கேட்டான். அவள் இடைமறித்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். நீயே சொல் என்றேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் என்றாள், உறைப்புக் கூடினாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றாள். நாலு ரொட்டி சாப்பிட்டார் என்று எழுதினேன். அவர் கை கழுவியதும் அவள் போதும் என்றாள். வாசித்துக் காட்டினேன். இரண்டு வருஷத்தில் முதற்தரம் அவள் என் முன்னால் அழுதாள். நானும் அழுதேன். 

தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பும்போது, வருகிற ஆடி அமாவாசைக்குக் கருமாதி செய்யப்போவதாகச் சொன்னாள். திதி தெரியாதவர்களுக்கு அந்த நாள் இருக்கிறதாம், யாருடைய பிறந்தநாளும் தேவையில்லையாம். யாரோ வாயில் கேட்டு வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செய்தாள். நாங்கள் எல்லோரும் முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூடப் போனோம். திரும்பி வந்து, ஈரச் சேலையோடு, நெற்றி வெறுமையாக, நேரே கடைசிக் கொட்டிலுக்கு நடந்தாள். தாய் பயந்து எழும்பினாள். தரையில் மண் அளைந்துகொண்டிருந்த பிள்ளையை இவள் குனிந்து தூக்கினாள். இடது காலைத் திருப்பி அந்த மறுவில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள்.

"இனிமே இவன் ஒங்க புள்ள மட்டுந்தான்," என்றாள்.