இடது பக்கம் இல்லாத விடை

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். விடைக்குறிப்பை பர்மனென்ட் டீச்சர் சொல்லுவார், கான்ட்ராக்ட் டீச்சர் எழுதித் தருவார். நான் கான்ட்ராக்ட். எனக்குச் சொல்பவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுரங்க டவுன்ஷிப்பில் எங்களுக்குப் பக்கத்து பிளாக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். மூன்று வருஷம் அவர் ஸ்கூட்டியின் பின்சீட்டில்தான் பள்ளிக்குப் போனேன். கூடப் பிறந்தவள்கூட அப்படி ஒட்டியதில்லை.

பதினோராம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. லாக் x²-க்கு வரைபடம் வரையச் சொல்லி ஐந்து மார்க் கேள்வி. அடுக்கை முன்னால் கொண்டுவந்து 2 லாக் x ஆக்கி, வலது பக்கம் ஒரே ஒரு கோடு போடச் சொன்னார் அக்கா. எனக்குப் பொறுக்கவில்லை. x-க்கு மைனஸ் பத்து போட்டால் வர்க்கம் நூறு, அடிமானம் பத்தில் அதன் லாக் இரண்டு. 2 லாக் x-இலோ மைனஸ் பத்தைப் போடவே முடியாது, அதற்கு x பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். லாக் x²-க்குப் பூஜ்யம் மட்டும்தான் ஆகாது. இடது பக்கமும் அதே கோடு, கண்ணாடியில் பார்த்தாற்போல வரும். பூஜ்யம் தவிர x எதுவானாலும் சரியாக வருவது 2 லாக் |x|. இதையெல்லாம் சொன்னேன். வகுப்பிலும் இப்படித்தான் நடத்தியிருந்தேன்.

"நம்ம பசங்களுக்கு இவ்ளோ வேணாம். எழுதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மே மாதம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற பட்டியலுக்கு அவர் கையெழுத்தும் வேண்டும். எழுதினேன், என் வெட்கங்கெட்ட கையால்.

ஒரே ஒரு பெண் இரண்டு கோடும் வரைந்திருந்தாள். குறிப்புப்படி திருத்தியதும் நான்தான். சுழி.

அவள் அப்பா சுரங்கத்தில் இன்ஜினியர். விடைத்தாளோடு தலைமையாசிரியை அறைக்கு வந்துவிட்டார். எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். அக்கா பேசட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆன்ஸர் கீ இவங்க எழுதுனதுங்க மேடம். கையெழுத்தப் பாருங்க."

பாவி, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். எழுத்து என்னுடையது, எவர் நம்புவார்? இவ்வளவு தெரிந்தவள் ஏன் தப்பாக எழுதினாய் என்று தலைமையாசிரியை கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஐந்து மார்க் போடச் சொன்னார். என் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

சாயந்திரம் பஸ்ஸுக்கு நடந்தேன். மூன்று வருஷம் நம்பிய மனுஷி என்னை இப்படி நட்டாற்றில் விட்டுவிட்டாளே என்று அக்காவைத் திட்டிக்கொண்டே நிறுத்தத்தில் நின்றேன். அந்தப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மார்க் கிடைத்த சந்தோஷம் முகத்தில் இல்லை.

"மிஸ், ரெண்டு பக்கமும் போடணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. நீங்க திருத்துவீங்கன்னுதான் தைரியமா போட்டேன். சுழி போடும்போது அது என் பேப்பர்னு பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொன்னேன்.